காற்றுக் குளிர்விப்பானும் காற்றுப்பதனியும்

காற்றுக் குளிர்விப்பான் என்பது நீர் ஆவியாவதைப் பயன்படுத்திக் காற்றின் வெப்பநிலையைக் குறைக்கும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஏர் கூலர் என அழைக்கப்படுகின்றது. காற்றுப்பதனி என்பது மூடிய குழாய்களுக்குள் சுழலும் குளிர்பதனப் பொருளின் மூலம் அறையிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றும் கருவி ஆகும். இது ஏ.சி. என்று பரவலாக அறியப்படுகின்றது. இரண்டும் கோடைக்காலத்தில் அறையைக் குளிர்விக்கவே வாங்கப்படுகின்றன என்றாலும், இவை இயங்கும் முறை முற்றிலும் வேறானது. முதலாவது காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றது. இரண்டாவது காற்றிலிருந்து ஈரத்தை நீக்குகின்றது. வாங்கும் விலை, இயக்கச் செலவு, உடலுக்குக் கிடைக்கும் இதம் ஆகிய மூன்றிலும் இவ்விரண்டுக்கும் இடையே காணப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

## இயங்கும் முறை

### காற்றுக் குளிர்விப்பான்

நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,430 கிலோயூல் வெப்பத்தை உட்கொள்கின்றது. இது உள்ளுறை வெப்பம் எனப்படும். மண்பானை நீர் குளிர்ந்திருப்பதும், வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதனாலேயே. வட இந்தியாவில் கோடையில் வாசலிலும் பலகணியிலும் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிக்கும் வழக்கமும் இதே அடிப்படையில் அமைந்தது.

காற்றுக் குளிர்விப்பானில் ஒரு விசிறி, ஒரு சிறு நீரேற்றி, நீர்த்தொட்டி, நனைந்திருக்கும் பட்டைகள் ஆகியவை உள்ளன. நீரேற்றி தொட்டியிலுள்ள நீரைப் பட்டைகளின் மேற்புறத்தில் விட, அது கீழ்நோக்கி வழிந்து பட்டைகளை நனைக்கின்றது. விசிறி வெளிக்காற்றை அப்பட்டைகளின் ஊடாக இழுத்து அறைக்குள் தள்ளுகின்றது. பட்டைகள் மரச்சீவல்களால் அல்லது தேன்கூடு போன்ற அமைப்புடைய தடித்த தாளால் செய்யப்பட்டிருக்கும். இதில் காற்றின் மொத்த வெப்பம் குறைவதில்லை. காற்றிலிருந்த உணரக்கூடிய வெப்பத்தின் ஒரு பகுதி நீராவியின் உள்ளுறை வெப்பமாக மாறுகின்றது. ஆகவே காற்று குளிரும்போதே ஈரமும் அடைகின்றது.

### காற்றுப்பதனி

காற்றுப்பதனியில் குளிர்பதனப் பொருள் அறையினுள் இருக்கும் சுருள்குழாயில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்புறச் சுருள்குழாய்க்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு மீண்டும் நீர்மமாகின்றது. உட்புறச் சுருள்குழாய் மிகவும் குளிர்ந்திருப்பதால், அதன்மீது படும் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படிந்து குழாய் வழியே வெளியேறுகின்றது. காற்றுப்பதனியின் பின்புறக் குழாயிலிருந்து சொட்டும் நீர் அறைக்காற்றில் இருந்த ஈரமே ஆகும்.

ஈரத்தை நீக்குவது காற்றுப்பதனியின் துணைப்பயன் அன்று. 1902 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் வில்லிசு கேரியர் இதன் முன்னோடி அமைப்பை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்திற்காகும். அங்கு ஈரப்பதம் மாறும்போதெல்லாம் தாள் விரிந்து சுருங்கியதால், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும் வண்ணங்கள் இடம் விலகின. ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அவ்வமைப்பின் முதல் நோக்கமாக இருந்தது.

## குளிர்ச்சியின் எல்லை

காற்றுக் குளிர்விப்பான் ஓர் இடத்தில் எவ்வளவு குளிர்ச்சி தரும் என்பதை அங்குள்ள காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை தீர்மானிக்கின்றது. வெப்பமானியின் குமிழை நனைந்த துணியால் சுற்றி, அதன்மீது காற்று வேகமாகப் படுமாறு செய்தால் அது காட்டும் வெப்பநிலையே ஈரக்குமிழ் வெப்பநிலை ஆகும். துணி சுற்றாத வெப்பமானி காட்டுவது உலர்குமிழ் வெப்பநிலை எனப்படும். காற்று உலர்ந்திருந்தால் துணியிலுள்ள நீர் விரைவாக ஆவியாகும். இரண்டு அளவுகளுக்கும் இடையேயான வேறுபாடு பெரிதாக இருக்கும். காற்று ஈரமாக இருந்தால் வேறுபாடு சிறிதாகும்.

எந்தக் காற்றுக் குளிர்விப்பானும், அது எவ்வளவு விலையுள்ளதாயினும், நனைந்த பட்டையின் வழியாக மட்டும் காற்றைச் செலுத்தும் வரை, அக்காற்றை ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. நல்ல நிலையிலுள்ள தேன்கூட்டுப் பட்டை, மேற்கூறிய வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டைக் குறைக்கும். எனவே வெளிவரும் காற்றின் வெப்பநிலையைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

வெளிவரும் காற்றின் வெப்பநிலை = உலர்குமிழ் வெப்பநிலை − 0.8 × (உலர்குமிழ் வெப்பநிலை − ஈரக்குமிழ் வெப்பநிலை)

பின்வரும் அட்டவணையில் நான்கு நிலைமைகளுக்கு இக்கணக்கு தரப்பட்டுள்ளது. இவை அந்தந்த ஊர்களில் அந்தந்தப் பருவங்களில் இயல்பாகக் காணக்கூடிய நிலைமைகளுக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். ஈரக்குமிழ் அளவுகள் முழு எண்ணாக்கப்பட்டுள்ளன.

| நிலைமை | வெப்பநிலை | ஒப்பு ஈரப்பதம் | ஈரக்குமிழ் | வெளிவரும் காற்று |
|---|---|---|---|---|
| தில்லி, மே மாத நண்பகல் | 42 °செ | 20% | 24 °செ | 27.6 °செ |
| மதுரை, ஏப்ரல் பிற்பகல் | 38 °செ | 40% | 27 °செ | 29.2 °செ |
| தில்லி, சூலை மாதப் பகல் | 35 °செ | 65% | 29 °செ | 30.2 °செ |
| சென்னை, கோடை இரவு | 29 °செ | 80% | 26 °செ | 26.6 °செ |

அட்டவணையின் கடைசி வரிசையைக் கவனமாகப் படித்தல் வேண்டும். 26.6 °செ என்பது நான்கிலும் குறைந்த வெப்பநிலை. எனினும் அங்கு கிடைக்கும் குளிர்ச்சி 2.4 பாகை மட்டுமே. வெளிவரும் காற்றோ ஏறத்தாழ முழுவதும் ஈரம் நிறைந்தது. தில்லியில் மே மாதத்தில் கிடைக்கும் குளிர்ச்சி 14.4 பாகை ஆகும்.

## உலர்ந்த காலநிலையில் இதம்

வெப்பநிலை குறைவது மட்டுமே இதம் ஆகாது. உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருந்தால் வியர்வை உடனுக்குடன் உலரும். காற்று ஈரமாக இருந்தால் வியர்வை தோலிலேயே தங்கிவிடும். 30 °செ வெப்பநிலையில் உலர்ந்த காற்று இதமாகவும், அதே வெப்பநிலையில் ஈரக்காற்று புழுக்கமாகவும் தோன்றுவது இதனாலாகும்.

தில்லி, செய்ப்பூர், நாகபுரி போன்ற ஊர்களில் மே மாதத்தில் காற்றுக் குளிர்விப்பான் சிறப்பாக வேலை செய்கின்றது. மேலே கூறிய தில்லிக் கணக்கில், 20 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று பட்டையைக் கடந்து வரும்போது ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதம் உடையதாகின்றது. ஆனால் அது அறையினுள் பரவிச் சுவர்களாலும் கூரையாலும் சற்று வெப்பமடையும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் மீண்டும் குறைகின்றது. விசிறியின் வேகமான காற்றோட்டமும் சேர்வதால், உடல் உணரும் வெப்பம் வெப்பமானி காட்டுவதைவிடக் குறைவாக இருக்கும். உலர்காற்றினால் ஏற்படும் தொண்டை வறட்சி, உதடு வெடிப்பு ஆகியனவும் குறைகின்றன.

இதே ஊர்களில் காற்றுப்பதனியும் அறையை நன்கு குளிர்விக்கும். விரும்பிய வெப்பநிலையில் நிலையாகவும் வைத்திருக்கும். ஆனால் ஏற்கெனவே உலர்ந்த காற்றை அது மேலும் உலரச் செய்யக்கூடும். மேலும் வெளியே 45 °செ வெப்பம் இருக்கையில் வெளிப்புறச் சுருள்குழாய் வெப்பத்தை விடுவது கடினமாவதால், அதே குளிர்ச்சிக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும். காற்றுக் குளிர்விப்பானின் நிலை இதற்கு நேர்மாறானது. வெளிக்காற்று வெப்பமாகவும் உலர்வாகவும் ஆக ஆக அது தரும் குளிர்ச்சி அதிகரிக்கின்றது, மின்செலவு மாறுவதில்லை.

## ஈரமான காலநிலையில் இதம்

தில்லியில் பருவமழை வழக்கமாக சூன் மாத இறுதியை ஒட்டித் தொடங்குகின்றது. அதுவரை நன்கு வேலை செய்த அதே குளிர்விப்பான், சூலை மாதத்தில் பயனற்றது போலத் தோன்றும். கருவியில் பழுது எதுவும் இல்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை 24 பாகையிலிருந்து 29 பாகைக்கு உயர்ந்துவிட்டதே காரணம். இக்காலத்தில் வெளிவரும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அத்தகைய காற்றில் வியர்வை உலர்வதில்லை. பலர் இம்மாதங்களில் நீரேற்றியை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் இயக்குவர். இது சரியான செயலே ஆகும்.

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்நிலையே நிலவுகின்றது. சென்னையில் ஒரே நாளிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். மே மாதத்தில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று வீசும் வேளையில் 40 °செ வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை 26 °செ ஆகும். குளிர்விப்பான் 11 பாகை வரை குறைத்துத் தரும். கடற்காற்று நுழைந்தவுடன் வெப்பநிலை சில பாகைகள் குறையும். ஆனால் ஈரம் ஏறிவிடும். அதன்பின் குளிர்விப்பான் தரும் குளிர்ச்சி 5 பாகைக்குள் சுருங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் கருவி தேவைப்படும் நேரம் இரவு ஆகும். கடலோரத்தில் அந்நேரமே காற்று மிகவும் ஈரமாக இருக்கும் நேரம்.

வேலூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் போன்ற உள்நாட்டு ஊர்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அங்கு மார்ச்சு முதல் சூன் வரையிலான பகல்வேளைகளில் குளிர்விப்பான் ஓரளவு பயன் தரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது பயன்படாது.

ஈரமான காலநிலையில் காற்றுப்பதனிக்கு ஈடு இல்லை. அது வெப்பநிலையைக் குறைப்பதுடன் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கக்கூடும். இதனால் 26 அல்லது 27 °செ அளவில் வைத்தாலே உடல் இதமாக உணர்கின்றது. ஆயினும் ஈரத்தை நீக்கவும் மின்சாரம் செலவாகும் என்பதால், கடலோர ஊர்களில் காற்றுப்பதனியின் உழைப்பில் ஒரு பகுதி வெப்பநிலையைக் குறைக்காமல் நீரைப் பிரிப்பதற்கே செல்கின்றது.

## வாங்கும் விலை

இந்தியாவில் 2020களின் நடுப்பகுதியில் ஓர் அறைக்குரிய காற்றுக் குளிர்விப்பான் ஏறத்தாழ 6,000 முதல் 15,000 ரூபாய் வரையிலும், 1.5 டன் திறனுள்ள பிரிநிலைக் காற்றுப்பதனி 35,000 முதல் 50,000 ரூபாய் வரையிலும் விற்கப்பட்டன. காற்றுப்பதனிக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

விலைச்சீட்டில் காணப்படுவது மட்டுமே செலவு அன்று. காற்றுப்பதனிக்குச் சுவரில் துளையிடுதல், செப்புக்குழாய், வெளிப்புறப் பகுதிக்கான தாங்கி, தனி மின்கம்பி, தேவைப்படும் இடங்களில் மின்னழுத்தச் சீராக்கி ஆகியவற்றுக்கும் பணம் செலவிட நேரும். காற்றுக் குளிர்விப்பானை வழக்கமான மின்செருகியில் இணைத்து அன்றே பயன்படுத்தலாம். வாடகை வீட்டில் வசிப்போர் வீடு மாறும்போது அதனைத் தூக்கிச் செல்லலாம். காற்றுப்பதனியைக் கழற்றி மாட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு.

டன் என்பது காற்றுப்பதனியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உட்கொள்ளும் வெப்பத்தின் அளவே ஒரு டன் குளிரூட்டுதிறன் ஆகும். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம். காற்றுக் குளிர்விப்பானின் அளவு தொட்டியின் கொள்ளளவால் விளம்பரப்படுத்தப்பட்டாலும், உண்மையில் பார்க்கவேண்டியது அது மணிக்கு எவ்வளவு காற்றைத் தள்ளுகின்றது என்பதே. 12 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கனஅளவு சுமார் 41 கன மீட்டர். அறைக்காற்று மணிக்கு 30 முறை மாறவேண்டும் எனக் கொண்டால் மணிக்கு சுமார் 1,230 கன மீட்டர் காற்று தேவை. பெரிய தொட்டி நீண்ட நேரம் நீர் ஊற்றாமல் இருக்க உதவுமேயன்றிக் குளிர்ச்சியை மிகுவிக்காது.

## இயக்கச் செலவு

### மின்சாரம்

காற்றுக் குளிர்விப்பானில் மின்சாரம் விசிறிக்கும் நீரேற்றிக்கும் மட்டுமே தேவைப்படுகின்றது. நடுத்தர அளவுள்ள கருவிக்கு 150 முதல் 200 வாட்டு போதும். 1.5 டன் காற்றுப்பதனி முழு வேகத்தில் 1,500 வாட்டு அளவில் எடுக்கக்கூடும். இன்வெர்ட்டர் வகைக் காற்றுப்பதனி, அறை குளிர்ந்தபின் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அதன் சராசரி இதைவிடக் குறைவாக இருக்கும். இங்கு இன்வெர்ட்டர் என்பது வேகத்தை மாற்றும் மின்னணுச் சுற்றைக் குறிக்கின்றது. மின்தடையின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் வீட்டு இன்வெர்ட்டர் வேறு. மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டு காற்றுக் குளிர்விப்பானை இயக்கலாம். காற்றுப்பதனியை இயக்க அது பொதுவாகப் போதாது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, படிநிலை முறையில் கணக்கிடப்படுகின்றது. ஆகவே ஒரு கருவியின் செலவை அறிய, அது உண்ணும் அலகுகளைச் சராசரிக் கட்டணத்தால் பெருக்கினால் போதாது. அக்கருவி வீட்டின் மொத்தப் பயன்பாட்டை எந்தப் படிக்கு உயர்த்துகின்றது என்பதைப் பார்க்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, இரு மாதங்களில் 300 அலகு பயன்படுத்தும் ஒரு வீட்டைக் கொள்வோம். கோடையில் கருவி நாள்தோறும் 8 மணி நேரம் இயங்குகின்றது; இரு மாதங்களுக்கு 480 மணி நேரம். குளிர்விப்பான் 180 வாட்டு எடுத்தால் 86 அலகும், காற்றுப்பதனி சராசரியாக 900 வாட்டு எடுத்தால் 432 அலகும் கூடுதலாகும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில் முதல் 100 அலகு இலவசம். மொத்தம் 500 அலகுக்கு மிகாதபோது அடுத்த 100 அலகுக்கு 2.25 ரூபாயும், 201 முதல் 400 வரை 4.50 ரூபாயும், 401 முதல் 500 வரை 6 ரூபாயும் கணக்கிடப்பட்டன. மொத்தம் 500 அலகைத் தாண்டினால் 101 முதல் 400 வரை அனைத்துக்கும் 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய் ஆகும்.

இதன்படி கருவி எதுவும் இல்லாதபோது கட்டணம் 675 ரூபாய். குளிர்விப்பானுடன் 386 அலகுக்கு 1,062 ரூபாய். கூடுதல் 387 ரூபாய். காற்றுப்பதனியுடன் 732 அலகுக்கு 3,938 ரூபாய். கூடுதல் 3,263 ரூபாய். காற்றுப்பதனி உண்ணும் அலகுகள் குளிர்விப்பானைப்போல் 5 மடங்கு. ஆனால் அதற்கான கட்டணமோ 8 மடங்குக்கும் மேல். இவ்வேறுபாடு படிநிலைக் கட்டணத்தால் வருவதாகும். 500 அலகில் கட்டணம் 1,725 ரூபாய் ஆக இருக்க, 501 ஆம் அலகில் அது 1,958 ரூபாய் ஆகின்றது. அதாவது அந்த ஓர் அலகின் விலை 233 ரூபாய். கட்டண வீதங்கள் பின்னர் உயர்த்தப்பட்டன எனினும் கணக்கிடும் முறை இதுவே.

காற்றுப்பதனியில் மின்சாரத்தைச் சேமிக்க எளிய வழி, வெப்பநிலையை உயர்த்தி வைத்து மின்விசிறியையும் உடன் இயக்குவதாகும். ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என இந்தியாவின் எரிசக்தித் திறன் செயலகம் குறிப்பிடுகின்றது. 2020 சனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் காற்றுப்பதனிகள் 24 °செ தொடக்க அளவுடன் விற்கப்பட வேண்டும் என்ற விதியும் உள்ளது.

### நீர்

காற்றுக் குளிர்விப்பானின் மறைமுகச் செலவு நீர் ஆகும். மணிக்கு 2,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும் ஒரு கருவி, மேற்கூறிய தில்லிப் பகல்வேளையில் மணிக்கு சுமார் 13 லிட்டர் நீரை ஆவியாக்கும். மதுரை நிலைமையில் இது 8 லிட்டர் அளவிலும், தில்லி சூலை நிலைமையில் 4 லிட்டர் அளவிலும் இருக்கும். ஆவியாகும் நீரின் அளவே குளிர்ச்சியின் அளவு என்பதால், நீர் செலவாகாத குளிர்விப்பான் குளிர்விக்கவும் இல்லை எனக் கொள்ளலாம். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களில், விலைக்கு வாங்கும் நீரை இதற்குச் செலவிட வேண்டியிருக்கும்.

தொட்டியில் பனிக்கட்டி போட்டால் காற்று மிகவும் குளிரும் என்ற நம்பிக்கை உள்ளது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 24 °செ வரை வெப்பமடைய உட்கொள்ளும் வெப்பம் சுமார் 434 கிலோயூல். இது 180 மில்லிலிட்டர் நீர் ஆவியாவதற்குச் சமம். மேற்கூறிய கருவி அந்த அளவு நீரை ஒரு நிமிடத்திற்குள் ஆவியாக்கிவிடுகின்றது. எனவே பனிக்கட்டியால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது.

### பராமரிப்பும் மொத்தச் செலவும்

மேற்கூறிய தமிழ்நாட்டு வீட்டில் ஆண்டுக்கு நான்கு மாதங்கள் கருவி இயங்குவதாகக் கொண்டு, ஐந்தாண்டுச் செலவைப் பின்வருமாறு கணக்கிடலாம். குளிர்விப்பானின் விலை 10,000 ரூபாய், மின்கட்டணம் 3,870 ரூபாய், பட்டை மாற்றுதலும் சிறு பழுதும் ஆண்டுக்கு 800 ரூபாய் வீதம் 4,000 ரூபாய்; மொத்தம் 17,870 ரூபாய். காற்றுப்பதனியின் விலையும் பொருத்தும் செலவும் 43,000 ரூபாய், மின்கட்டணம் 32,630 ரூபாய், பராமரிப்பு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வீதம் 7,500 ரூபாய். மொத்தம் 83,130 ரூபாய். நீரின் விலை இதில் சேர்க்கப்படவில்லை. விலைகளும் பயன்பாட்டு நேரமும் மாறினால் தொகைகள் மாறும்.

இக்கணக்கு இரண்டும் ஒரே பயனைத் தருகின்றன எனக் கொண்டால் மட்டுமே பொருந்தும். கடலோர ஊரில் காற்றுக் குளிர்விப்பான் வாங்கி, அது பயன்படாமல் அடுத்த ஆண்டே காற்றுப்பதனி வாங்கும் குடும்பத்திற்கு முதற்செலவு முழுவதும் வீண் ஆகும்.

## பயன்பாட்டில் நேரும் தவறுகள்

அறையை மூடிவைத்தல். காற்றுப்பதனி இயங்கும்போது கதவும் பலகணியும் மூடப்பட்டிருக்கவேண்டும். காற்றுக் குளிர்விப்பானுக்கு இதன் மறுதலை பொருந்தும். வெளிக்காற்று உள்ளே வருவதற்கும், ஈரமடைந்த காற்று எதிர்ப்புறமாக வெளியேறுவதற்கும் வழி இருத்தல் வேண்டும். கருவியை அறையின் நடுவே வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டால், அது தான் ஈரமாக்கிய காற்றையே மீண்டும் இழுக்கும். அரைமணி நேரத்திற்குள் புழுக்கம் தோன்றும். படுக்கை விரிப்பு பிசுபிசுப்பதும், உப்பு நீர்த்துப்போவதும், அப்பளம் நமத்துப்போவதும், மரக்கதவு இறுகுவதும், சுவரில் பூஞ்சை படர்வதும் இதற்கான அறிகுறிகள். கருவியைப் பலகணியில் பொருத்துவதே சிறந்தது.

உப்புப் படிதல். நீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்புகள் ஆவியாவதில்லை. அவை தொட்டியிலும் பட்டையிலும் சேர்கின்றன. உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் பட்டை ஒரே பருவத்தில் வெள்ளை படிந்து இறுகிவிடும். பட்டையில் உலர்ந்த திட்டுகள் காணப்பட்டால் அவ்விடத்தில் காற்று குளிராமலேயே உள்ளே வருகின்றது எனப் பொருள். தொட்டி நீரைச் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் வெளியேற்றி மாற்றுவது இதனைத் தள்ளிப்போடும்.

கொசு வளர்தல். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எகிப்தி கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து உலர்த்த வேண்டும். முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. ஆகவே தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் தேவை. மழைக்காலத்தில் நீருடன் கைவிடப்பட்ட குளிர்விப்பான்கள் வட இந்திய நகரங்களில் கொசு வளரும் முக்கிய இடங்களுள் ஒன்றாக உள்ளன.

மின்னதிர்ச்சி. உலோக உடலுடைய குளிர்விப்பானில் நீரேற்றியின் மின்காப்பு சிதைந்தால் உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். தரைத்தொடர்புள்ள மூன்று முனைச் செருகியைப் பயன்படுத்துவதும், நீர் ஊற்றும் முன் மின் இணைப்பைத் துண்டிப்பதும் கட்டாயம் ஆகும்.

காற்றுப்பதனி வடிகட்டி அடைபடுதல். உட்புற வடிகட்டியில் தூசி அடைந்தால் காற்றோட்டம் குறைந்து, சுருள்குழாயில் பனி படியக்கூடும். குளிர்ச்சி குறைவதும், உட்பகுதியிலிருந்து நீர் சொட்டுவதும் இதன் அறிகுறிகள். வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவினால் இது பெரும்பாலும் நேராது.

## தேர்ந்தெடுத்தல்

ஓர் ஊரில் காற்றுக் குளிர்விப்பான் பயன்படுமா என்பதை இரண்டு எளிய வெப்பமானிகளைக் கொண்டு அறியலாம். இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என முதலில் சரிபார்க்க வேண்டும். பின்னர் ஒன்றின் குமிழை நனைந்த பருத்தித் துணியால் சுற்றி, இரண்டையும் வெளிக்காற்று வரும் பலகணி அருகே மின்விசிறியின் முன் ஐந்து நிமிடம் வைக்கவேண்டும். கருவி எந்த நேரத்தில் தேவைப்படுகின்றதோ அந்த நேரத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். இரவில் உறங்குவதற்கு வாங்குபவர் நண்பகலில் அளந்தால் விடை தவறாகிவிடும்.

வேறுபாடு 10 பாகைக்கு மேல் இருந்தால் காற்றுக் குளிர்விப்பான் நன்கு பயன்படும். குறைந்த செலவில் போதிய இதம் கிடைக்கும். 6 பாகைக்குக் கீழ் இருந்தால் அதனால் மின்விசிறியைவிடப் பெரிய பயன் இராது. காற்றுப்பதனியே ஈரத்தை நீக்கி இதம் தரும். இடைப்பட்ட நிலையில், ஆண்டில் எத்தனை மாதங்கள் காற்று உலர்ந்திருக்கின்றது, நீர் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றதா, அறையில் எதிரெதிரே இரண்டு திறப்புகள் உள்ளனவா ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம். தில்லி போன்ற ஊர்களில் இரண்டையும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏப்ரல் முதல் சூன் வரை குளிர்விப்பானையும், பருவமழை தொடங்கியபின் செப்டம்பர் வரை காற்றுப்பதனியையும் பயன்படுத்துவது உண்டு. இரண்டையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இயக்கலாகாது. குளிர்விப்பான் சேர்க்கும் ஈரத்தைக் காற்றுப்பதனி மீண்டும் நீக்கவேண்டியிருப்பதால் மின்சாரம் வீணாகும்.